டிசைனர் ரெஸ்யூமேயில் டேஸ்ட் எங்கே தெரியும்?

கேள்வி: கோவையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் 3 வருடமாக கிராபிக் டிசைனராக இருக்கிறேன். சென்னை, பெங்களூரு ஸ்டுடியோக்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என் ரெஸ்யூமேயில் இடதுபக்கம் அடர்நீலப் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ, தலைப்புக்குத் தலைப்பு ஐகான், ஸ்கில் பார் எல்லாம் இருக்கிறது. பார்த்த சீனியர் ஒருவர் "ஓவரா இருக்கு, டேஸ்ட் தெரியலை" என்றார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், வேர்டில் அடித்த கிளார்க் ரெஸ்யூமே மாதிரி ஆகிவிட்டது. அலங்காரம் இல்லாமல் டிசைனர் என்று எப்படிக் காட்டுவது?

பதில்:

அந்த நீலப் பட்டையும் ஐகான்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு பகுதியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது, எது தலைப்பு என்று காட்டுவது, கண்ணை எங்கே தொடங்க வைப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அவைதான் செய்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்தீர்கள், வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இடைவெளியும் சீரமைப்பும் எழுத்தின் தடிமனும் அந்த வேலைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் டேஸ்ட்டை ஸ்டுடியோக்காரர் அளப்பது அந்த இடத்தில்தான்.

வேர்டு பக்கம் ஏன் வேர்டு பக்கமாகத் தெரிகிறது என்று முதலில் பார்ப்போம். ஏ4 தாளில் வேர்டு தானாக விடும் மார்ஜின் நாலு பக்கமும் 2.54 செ.மீ. மிச்சமிருக்கும் அகலம் ஏறக்குறைய 16 செ.மீ. அதில் 11 பாயின்ட் எழுத்தில் அடித்தால் ஆங்கில வரி 90 எழுத்தை நெருங்கிவிடும். வசதியாகப் படிக்க அச்சுக்கலையில் சொல்லப்படும் அளவு 45 முதல் 75 எழுத்து வரை. அதோடு எல்லாப் பத்திகளுக்கும் நடுவில் ஒரே இடைவெளி, எல்லாமே இடது ஓரத்தில் ஒட்டியபடி. தேர்ந்தெடுத்தது என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை, எல்லாம் மென்பொருள் போட்டுக் கொடுத்தது. எளிமையான பக்கத்துக்கும் வெறும் பக்கத்துக்கும் வித்தியாசம் இதுதான். அலங்காரம் இரண்டிலும் இருக்காது. முதலாவதில் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு காரணம் இருக்கும்.

சரி, உங்கள் பக்கத்தையே எடுத்துக்கொண்டு திரும்பக் கட்டிப் பார்க்கலாம். ஃபிக்மாவில் ஏ4 ஃபிரேம் 595 × 842. இது பாயின்ட் கணக்குதான், அதனால் அங்கே 10.5 என்று போட்டால் பிடிஎஃப்பில் 10.5 பாயின்டாகவே வரும். இன்டிசைன் பழக்கமென்றால் அதே எண்களை அங்கே போடுங்கள்.

எல்லா அளவையும் வரி உயரத்திலிருந்து எடுங்கள். எழுத்து 10.5, வரி உயரம் 14. இனி பக்கத்தில் உள்ள நெடுக்கு இடைவெளி எல்லாம் 14-இன் மடங்கு. மார்ஜின் நாலு வரி, அதாவது 56 பாயின்ட், கிட்டத்தட்ட 2 செ.மீ. இரண்டு பக்கமும் 56 போனால் 483 மிச்சம். அதை 110, 21, 352 என்று பிரியுங்கள். 110-இல் வருடங்கள் மட்டும். 21 நடுவிலுள்ள சந்து. 352-இல் மற்ற எல்லாம். 10.5 அளவில் ஓர் ஆங்கில எழுத்து சராசரியாக 5.25 பாயின்ட் பிடிக்கும் என்று வைத்தால் 352-க்குள் 67 எழுத்து வரும். ஆக, வரி நீளம் சரியான எல்லைக்குள் வந்துவிட்டது.

இப்போது பக்கத்தில் எழுத்து தொடங்கும் ஓரங்கள் இரண்டே இரண்டு: 56, 187. பழைய ரெஸ்யூமேயைத் திறந்து, எங்கெல்லாம் ஒரு சொல் தொடங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு நெடுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். பட்டைக்குள் ஐகான் ஓர் இடம், அதையடுத்த எழுத்து ஓர் இடம், ஸ்கில் பார் ஓர் இடம், வலதுபக்கத் தலைப்பு, அதற்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிய புல்லட், புல்லட்டுக்குப் பின் எழுத்து, வலது ஓரத்தில் வருடம். டெம்ப்ளேட் ரெஸ்யூமேக்களில் இப்படி ஏழெட்டு ஓரமாவது இருக்கும். சீனியர் "ஓவர்" என்று சொன்னதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். நிறத்தைவிடக் கண்ணை அதிகம் களைக்க வைப்பது இந்த ஓரங்கள்.

அடுத்தது, எதைப் பெரிதாக்குவது. உங்கள் பழைய பக்கத்தில் "எக்ஸ்பீரியன்ஸ்", "எஜுகேஷன்" என்ற தலைப்புகள் 18 பாயின்ட் தடித்த எழுத்தில், ஐகானோடு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். யோசித்துப் பாருங்கள், அந்தப் பக்கத்தில் தகவல் மிகக் குறைவான சொற்கள் அவைதான். எல்லோர் ரெஸ்யூமேயிலும் அதே சொற்கள். அவற்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன பதவியில் இருந்தீர்கள் என்பதைப் பொடி எழுத்தில் சொல்வது தலைகீழ் வரிசை. அதனால் பகுதித் தலைப்பை மற்ற எழுத்தின் அதே 10.5-இல், சாதாரணத் தடிமனில், சாம்பல் நிறத்தில் வையுங்கள். பதவிப் பெயர் மட்டும் கறுப்பில், செமிபோல்டில். கம்பெனிப் பெயர் அதே வரியில் சாதாரண எழுத்தில். கம்பெனியும் போல்டு, பதவியும் போல்டு என்று போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் மட்டும் இரண்டு மடங்கு: 21 பாயின்ட், வரி உயரம் 28. பக்கம் முழுக்க அளவு இரண்டு, தடிமன் இரண்டு, ஃபான்ட் குடும்பம் ஒன்று. இன்டர், சோர்ஸ் சான்ஸ், ஐபிஎம் பிளெக்ஸ் சான்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று போதும், மூன்றும் இலவசம்தான். இங்கே புதுமையான ஃபான்ட்டைத் தேடி ஒரு நாளைச் செலவழிப்பது வீண்.

சாம்பல் என்றதும் பலர் அதை மிக வெளிறலாக எடுத்துவிடுகிறார்கள். #999999 வெள்ளையின் மேல் 2.85:1 மாறுபாடுதான் தரும். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. #767676 அந்த எல்லையை மயிரிழையில் தாண்டும். நீங்கள் #666666 எடுங்கள், பழைய லேசர் பிரின்டரில் அடித்தாலும் நிற்கும். நீல நிறம் ஒன்றாவது வேண்டும் என்று மனசு கேட்டால், போர்ட்ஃபோலியோ லிங்க்குக்கு மட்டும் கொடுங்கள். அங்கே நிறத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, இது அழுத்தக்கூடியது என்று சொல்கிறது.

இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரே வேலைக்குரிய வரிகளுக்கு நடுவில் கூடுதல் இடைவெளி வேண்டாம். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒரு வரி, 14. ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதிக்கு மூன்று வரி, 42. பகுதித் தலைப்புக்கும் அதன் முதல் பதிவுக்கும் 14. அதாவது தலைப்புக்கு மேலே 42, கீழே 14. அப்போதுதான் அது கீழே உள்ளதைச் சேர்ந்தது என்று கோடு போடாமலே தெரியும். மேலும் கீழும் சமமாக 24, 24 என்று விட்டால் தலைப்பு அந்தரத்தில் தொங்கும். உடனே "ஏதோ குறைகிறதே" என்று நடுவில் கோடு போடத் தோன்றும், பிறகு கோட்டுக்கு ஒரு நிறம், நிறத்துக்குத் துணையாக ஓர் ஐகான். அலங்காரம் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகிறது, தப்பான இடைவெளியைச் சரிக்கட்ட.

மேலும் கீழும் நாலு நாலு வரி மார்ஜின் போக, பக்கத்தில் 52 வரிகளுக்கு இடமுண்டு. 3 வருட அனுபவத்துக்கு 36, 38 வரி வந்தாலே அதிகம். மிச்சமுள்ள 14 வரியை என்ன செய்வது என்று பதறாதீர்கள். கீழே காலியாக விடுங்கள். பக்கத்தை நிரப்புவதற்காக வரி உயரத்தை 18 ஆக்குவதோ, ஹாபீஸ் என்று ஒரு பகுதி சேர்ப்பதோ வேண்டாம். மேலே நெருக்கமாகக் கட்டப்பட்டு, கீழே வெறுமையாக விட்ட பக்கம் தெரிந்தே செய்ததாகத் தெரியும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தப்பட்ட பக்கம், நிரப்பத் தெரியாமல் செய்ததாகத் தெரியும்.

இதற்கப்புறம் வருபவை சின்ன விஷயங்கள், ஆனால் டிசைனர் டிசைனரைக் கண்டுபிடிப்பது இவற்றில்தான். வருட வீச்சுக்கு ஹைஃபன் போடாமல், அதைவிட நீளமான "என் டேஷ்" கோடு போடுங்கள்: 2022–2024. விண்டோஸில் Alt+0150. ஆங்கில அபாஸ்ட்ரஃபி நேர்க்கோடாக இல்லாமல் வளைந்ததாக இருக்க வேண்டும், Alt+0146. எல்லா எண்களும் ஒரே அகலத்தில் நிற்கும் டேபுலர் எண்களை ஃபான்ட்டில் இயக்கினால், வருடப் பத்தி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியாக உட்காரும். புல்லட் வேண்டுமென்றால், புல்லட் புள்ளி 187-க்கு வெளியே சந்தில் தொங்கட்டும், எழுத்து 187-இலேயே தொடங்கட்டும். பெயரை 21-இல் வைத்ததும் ஒன்று கவனிப்பீர்கள்: எண் கணக்கில் 187-இல் இருந்தாலும், அது கீழே உள்ள சின்ன எழுத்தைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளியது போல் தெரியும். ஒவ்வொரு எழுத்தின் இடப்பக்கத்திலும் ஃபான்ட்டே கொஞ்சம் வெற்றிடம் வைத்திருக்கிறது. எழுத்து பெரிதானால் அதுவும் பெரிதாகும். பெயரை ஒரு பாயின்ட் இடதுபக்கம் நகர்த்திக் கண்ணால் சரிசெய்யுங்கள். பேனலில் உள்ள எண்ணை நம்பி விட்டுவிடுபவரையும், கண்ணால் பார்த்து நகர்த்துபவரையும் இந்த ஒரு பாயின்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனியில் பிறந்த அச்சுக்கலைஞர் யான் சிகோல்ட் 1947-இல் பென்குயின் புத்தகங்களின் அச்சமைப்பைச் சீர்செய்ய இங்கிலாந்துக்கு வந்தபோது, அச்சகங்களுக்கு எழுதிக்கொடுத்த விதிகள் நாலே பக்கம். பெரிய எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விடு, சொற்களுக்கு நடுவில் குறைவாக விடு என்ற வகையைச் சேர்ந்த விஷயங்கள் அதில் நிறைய. ஆரஞ்சுப் பட்டை அட்டை அதற்கு முன்பே இருந்தது. பட்டையை அவர் தூக்கிப் போடவில்லை, பட்டைக்குள் எழுத்து உட்கார்ந்த விதத்தைத் திருத்தினார். நீங்களும் முழுக்கமுழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு சொல் அடித்தால் 5 சதவீதமாவது இடைவெளி கூட்டுங்கள்.

இனி உள்ளடக்கம், ஏனென்றால் எதை விட்டீர்கள் என்பதும் டேஸ்ட்தான். ஸ்கில் பார் முதலில் போகட்டும். ஃபோட்டோஷாப் 85 சதவீதம் என்றால் எதில் 85? மீதி 15-இல் என்ன தெரியாது? படிப்பவர் மனதில் இந்தக் கேள்விதான் வரும். "ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபிக்மா" என்று ஒரே வரி போதும். ஆப்ஜெக்டிவ் பத்தி, அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கீழே "மேற்கண்ட தகவல்கள் உண்மை" என்று கையெழுத்துக்கு இடம் விட்ட டிக்ளரேஷன், இவை நம் ஊர் கல்லூரி பிளேஸ்மென்ட் செல் பழக்கிவிட்டவை. டிசைன் ஸ்டுடியோக்கள் பொதுவாக இவற்றைக் கேட்பதில்லை. போட்டோவும் வேண்டாம்.

வேலை விவரத்தில் "சோஷியல் மீடியா போஸ்ட், பிரோஷர், பேனர் டிசைன் செய்வது என் பொறுப்பு" என்று இருந்தால், அது எந்த டிசைனருக்கும் பொருந்தும். அதை இப்படி மாற்றலாம்: "ஜவுளிக்கடை ஒன்றின் தீபாவளி விளம்பரம்: ஒரு கீ விஷுவல், அதிலிருந்து ஹோர்டிங், செய்தித்தாள் அரைப்பக்கம், பேருந்துப் பின்பக்கம், கடைக்குள் தொங்கும் அட்டை வரை." இரண்டு வரிதான். ஆனால் ஒரே எண்ணத்தைப் பல அளவுக்கு மாற்றத் தெரியும் என்பது அதற்குள் இருக்கிறது. "கிரியேட்டிவ்", "பேஷனேட்" என்ற சொற்களும் ஐகான் மாதிரிதான், எடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோவை ஏஜென்சியில் இருப்பவரிடம் தமிழ் வேலை நிறைய இருக்கும். ரெஸ்யூமேயில் ஒரு பிராண்டின் பெயரையோ தலைப்பு வரியையோ தமிழில் போடுவதென்றால், 14 வரி உயரம் இடிக்கும். ஆங்கிலத்துக்குப் போதும் அந்த உயரத்தில் மேல் வரியில் "கூ"-வின் கீழ்க்கொம்பும், அடுத்த வரியில் "கீ"-யின் சுழியும் நெருங்கிவிடும். ஒற்றை வரியென்றால் பிரச்சினை இல்லை, இரண்டு வரிக்கு மேல் என்றால் 17, 18 கொடுங்கள். ஒரே அளவில் வைத்தால் பல ஃபான்ட்களில் தமிழ், பக்கத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகவும் அகலமாகவும் தெரியும், கொஞ்சம் குறைத்து இரண்டும் ஒரே கறுமையில் தெரியும்படி செய்யுங்கள். முக்கியமாக, பாமினி போன்ற பழைய ஃபான்ட் வேண்டாம். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம். பிடிஎஃப்பிலிருந்து "தமிழ்" என்பதை நகல் எடுத்தால் `jkpo;` என்று வந்து விழும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற யூனிகோட் ஃபான்ட் எடுங்கள்.

நகல் எடுக்கும் இந்தச் சோதனையை முழுப் பக்கத்துக்கும் செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C, பிறகு நோட்பேடில் ஒட்டுங்கள். பெரிய கம்பெனிகளின் விண்ணப்ப மென்பொருள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. பட்டை வைத்த இரண்டு பத்தி டெம்ப்ளேட்களில் ஸ்கில் வரியும் வேலை வரியும் மாறிமாறிப் பின்னிக்கொண்டு வருவதுண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் செய்து எழுத்தை அவுட்லைனாக மாற்றியிருந்தால் ஒன்றுமே வராது. அச்சகத்துக்கு அனுப்பும் பழக்கத்தில் பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். உங்கள் புதுப் பக்கத்தில் வருடம், பதவி, விவரம் என்ற வரிசையில் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபிக்மாவில் லேயர் வரிசையை மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்து பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கும் இதே கணக்குதான், ஆனால் அங்கே ஒரு திருப்பம் உண்டு. உங்கள் வேலையே ஆர்ப்பாட்டமானது: தீபாவளி, தங்க கிரேடியன்ட், ஐந்து நடிகர் முகம். அதற்காக வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டு, யாருக்கும் செய்யாத ஒரு காபி பிராண்டை வெள்ளைப் பின்னணியில் புதிதாகச் செய்து வைக்காதீர்கள். உண்மையான வேலையை வையுங்கள், சுற்றியிருப்பதை அமைதியாக்குங்கள். வெள்ளைப் பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே 10.5-இல் ஒரு வரி. காற்றில் மிதக்கும் விசிட்டிங் கார்டு, நிழல் விழும் மக் மாதிரியான இலவச மாக்கப்புகள் வேண்டாம். அவற்றில் தெரிவது மாக்கப் செய்தவரின் லைட்டிங், உங்கள் டிசைன் அல்ல. ஹோர்டிங்கா, ரோட்டில் நிற்கும் ஹோர்டிங்கை மொபைலில் எடுத்த போட்டோ போதும். நாலு அல்லது ஐந்து வேலை, அதில் பலவீனமானது எது என்று உங்களுக்கே தெரியும், அதை எடுத்துவிடுங்கள்.

இந்த அடக்கம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லஸ்ட்ரேட்டராகவோ லெட்டரிங் ஆளாகவோ விண்ணப்பித்தால், உங்கள் பெயரை நீங்களே வரைந்து மேலே வைக்கலாம், அது அலங்காரம் இல்லை, மாதிரி. ஃபிளெக்ஸ் பிரின்டிங் கடையில் கேட்பது கோரல்டிராவில் எவ்வளவு வேகம் என்பதை, அவர்கள் என் டேஷைப் பார்க்கப்போவதில்லை. நீங்கள் சொன்ன ஸ்டுடியோக்களில் ரெஸ்யூமேயைத் திறப்பவர் பெரும்பாலும் டிசைனராகவோ ஆர்ட் டைரக்டராகவோ இருப்பார். லேப்டாப்பில் திறந்தால் முதலில் தெரிவது பக்கத்தின் மேல்பாதி. பெயர், என்ன டிசைனர், போர்ட்ஃபோலியோ லிங்க், தற்போதைய வேலை, இந்த நாலும் அந்தப் பாதிக்குள் வந்துவிட வேண்டும்.

அனுப்பும்போது ஃபைல் பெயர் உங்கள் பெயரும் ரெஸ்யூமே என்ற சொல்லும் மட்டும். "final_new_3" எல்லாம் வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் கேட்டால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு எழுத்தின் ஓரங்கள் கரைந்துவிடும். மெயிலில் மூன்று வரி: எந்த வேலைக்கு, அவர்கள் செய்ததில் எது உங்களை அங்கே விண்ணப்பிக்க வைத்தது, போர்ட்ஃபோலியோ லிங்க். கீழே கையொப்பத்தில் லோகோ, மேற்கோள், சோஷியல் மீடியா ஐகான் வரிசை எதுவும் இல்லாமல் பெயரும் போன் எண்ணும் மட்டும் இருக்கட்டும்.